மூன்று ஆண்டு நிலுவைச் சம்பளம் ஒரே நாளில் வந்தால் வரி எவ்வளவு? 89ஆம் பிரிவு நிவாரணத்தைக் கணக்கிடும் முறை

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன் சார். ஊதிய நிர்ணயம் இழுத்துக்கொண்டே போய், 2022 மார்ச் முதல் 2025 ஜூலை வரைக்குமான நிலுவை 4,15,000 ரூபாய் இந்த ஜனவரியில் மொத்தமாக வந்தது. நிலுவை வராமல் இருந்தால் எனக்கு இந்த ஆண்டு வரியே இல்லை. இப்போது ஒரு லட்சத்துக்கு மேல் பிடிப்போம் என்கிறார்கள். நான் புதிய வரி முறையில் இருப்பதால் நிவாரணமும் கிடையாதாம். உண்மையா?

பதில்:

உண்மையில்லை. வருமான வரிச் சட்டம் 1961இன் 89ஆம் பிரிவு தரும் நிவாரணம் பழைய முறை, புதிய முறை இரண்டுக்கும் உண்டு. புதிய முறையில் போவது 80சி, வீட்டு வாடகைப்படி போன்ற கழிவுகள்தான். கழிவு வருமானத்திலிருந்து குறையும். இது வரியிலிருந்தே குறையும் நிவாரணம், இரண்டும் வேறு. நீங்கள் தனிச் செய்தியில் அனுப்பிய விவரங்களை வைத்துக் கணக்கிட்டால் உங்களுக்கு 39,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. நிலுவை எந்த ஆண்டுக்கு உரியதாக இருந்தாலும், அப்போது அதற்கு வரி போடப்படவில்லை என்றால், கைக்கு வந்த ஆண்டின் சம்பளமாகத்தான் அது சேரும். அதனால் பழைய ஆண்டுகளின் ரிட்டர்னைத் திறந்து திருத்த வேண்டியதில்லை, அந்த ஆண்டுகளுக்குத் தனியாக வரி கட்ட வேண்டியதும் இல்லை. 89ஆம் பிரிவும் விதி 21ஏயும் கேட்பது ஒரு ஒப்பீட்டை மட்டும்தான். இந்தப் பணம் உரிய ஆண்டுகளிலேயே வந்திருந்தால் எவ்வளவு கூடுதல் வரி கட்டியிருப்பீர்கள், இப்போது மொத்தமாக வந்ததால் எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறீர்கள்? இப்போதைய தொகை அதிகமென்றால், அந்த வித்தியாசம்தான் நிவாரணம்.

சரி, 4,15,000 ரூபாயைப் பிரிப்போம். நிலுவைப் பட்டியல் கையில் இருக்கிறதல்லவா? ஒவ்வொரு மாதமும் பெற வேண்டியது, பெற்றது, வித்தியாசம் என்று அலுவலகத்தில் போடும் பட்டியல். அதில் கடைசியில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது, நிதியாண்டு வாரியாகக் கூட்ட வேண்டும். உங்கள் அலுவலகம் மார்ச் முதல் பிப்ரவரி வரையான பன்னிரண்டு மாதச் சம்பளத்தை ஒரு நிதியாண்டாக எடுத்துத்தான் வரி போடுகிறது. மார்ச் சம்பளம் ஏப்ரலில் கைக்கு வருவதால் அப்படி. நிலுவையையும் அதே வரிசையில் பிரியுங்கள். மார்ச் மாத வித்தியாசத்தைத் தவறான ஆண்டில் போட்டுவிட்டால், பழைய படிவம் 16 உடன் கணக்கு ஒத்துப்போகாது.

அப்படிப் பிரித்தால் 2022-23க்கு 1,10,000, 2023-24க்கு 1,20,000, 2024-25க்கு 1,30,000 வருகிறது. மீதி 55,000 ரூபாய் 2025 மார்ச் முதல் ஜூலை வரைக்குமானது. அதாவது இந்த நிதியாண்டுக்கே உரிய சம்பளம். தாமதமாக வந்திருந்தாலும் வரிக் கணக்கில் அது நிலுவை அல்ல, இந்த ஆண்டின் சாதாரணச் சம்பளம்தான். பில்லில் "நிலுவை" என்று இருக்கிறதே என்று பலர் முழுத் தொகையையும் நிவாரணக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஆண்டு வாரித் தொகைகளின் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போகாமல் முழிக்கிறார்கள். உங்களுக்கு நிவாரணத்துக்குரிய நிலுவை 3,60,000 ரூபாய் மட்டுமே.

இன்னொன்று. இந்தத் தொகைகள் பிடித்தம் போகாத மொத்தத் தொகைகள். பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தமெல்லாம் போக வங்கிக் கணக்கில் வரவானது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது இந்த ஆண்டு, 2025-26. அந்த 55,000 உட்பட, நிலுவை நீங்கலாக உங்கள் மொத்தச் சம்பளம் 11,75,000. நிலைக் கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 11,00,000. புதிய முறையில் முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை, நான்கிலிருந்து எட்டு லட்சம் வரை 5 சதவீதம், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10 சதவீதம். அதன்படி 20,000 கூட்டல் 30,000, ஆக 50,000 ரூபாய். ஆனால் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ தள்ளுபடியில் அது முழுவதும் போய்விடுகிறது. வரி பூஜ்யம்.

நிலுவை 3,60,000 சேர்ந்தால் வருமானம் 14,60,000. எட்டு லட்சம் வரை 20,000, அடுத்த நான்கு லட்சத்துக்கு 40,000, பன்னிரண்டுக்கு மேல் உள்ள 2,60,000க்கு 15 சதவீதத்தில் 39,000. மொத்தம் 99,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 3,960. ஆக 1,02,960 ரூபாய். அலுவலகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் என்று சொன்னது இதைத்தான், அந்தக் கணக்கு சரியே. விடுபட்டது அதற்கு அடுத்த படி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பலரும் இதை "மேல் ஸ்லாபுக்குப் போய்விட்டது" என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் 99,000 ரூபாயில் நிலுவைக்கு என்று ஸ்லாப் விகிதத்தில் விழுந்தது 49,000தான். பன்னிரண்டு லட்சம் வரைக்குமான ஒரு லட்சத்துக்கு 10,000, அதற்கு மேல் 39,000. மிச்சம் 50,000 ரூபாய், 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடியை இழந்ததன் விலை. அது உங்கள் வழக்கமான சம்பளத்தின் மேல் விழுந்த வரி. அதனால் நிவாரணக் கணக்கில் "நிலுவை இல்லாமல் வரி" என்ற இடத்தில் தள்ளுபடிக்கு முந்தைய 50,000ஐப் போடக் கூடாது, தள்ளுபடி போன பிறகு வரும் பூஜ்யத்தைத்தான் போட வேண்டும். 50,000 என்று போட்டால் உங்கள் நிவாரணம் முழுவதுமே காணாமல் போய்விடும்.

ஆக, இந்த ஆண்டின் வித்தியாசம் 1,02,960 ரூபாய். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலுவை சிறியதாக இருந்து வருமானம் 12 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய முறையில் செஸ்ஸுக்கு முந்தைய வரி, 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு போனதோ அதைத் தாண்டாது. வருமானம் 12,30,000 என்றால் ஸ்லாப் கணக்கில் 64,500 வந்தாலும் கட்ட வேண்டியது 30,000, அதோடு செஸ். நிவாரணக் கணக்கிலும் இந்தக் குறைந்த தொகையைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து பழைய ஆண்டுகள். ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்தந்த ஆண்டின் ஸ்லாப், நீங்கள் அந்த ஆண்டில் ரிட்டர்ன் போட்ட வரி முறை, அப்போது காட்டிய கழிவுகள் போக நின்ற வருமானம். இந்த வருமானத்தை நினைவிலிருந்து எழுதாமல், அந்த ஆண்டின் ரிட்டர்னிலோ வருமான வரித்துறை அனுப்பிய 143(1) அறிவிப்பிலோ "Total Income" என்று இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். படிவம் 16இல் இருப்பது சில சமயம் மாறும். வங்கி வட்டியை நீங்கள் ரிட்டர்னில்தான் சேர்த்திருப்பீர்கள்.

2022-23இல் நீங்கள் பழைய முறை. கழிவுகள் போக வருமானம் 6,20,000. இரண்டரை லட்சம் வரை வரி இல்லை, ஐந்து லட்சம் வரை 5 சதவீதத்தில் 12,500, மேலே உள்ள 1,20,000க்கு 20 சதவீதத்தில் 24,000. செஸ்ஸோடு 37,960. நிலுவை 1,10,000 சேர்த்தால் வருமானம் 7,30,000, வரி செஸ்ஸோடு 60,840. வித்தியாசம் 22,880.

2023-24லும் பழைய முறைதான். வருமானம் 6,80,000, வரி 50,440. நிலுவை 1,20,000 சேர்த்து 8,00,000 ஆனால் வரி 75,400. வித்தியாசம் 24,960. இந்த இரண்டு ஆண்டுகளிலும் நிலுவை முழுவதும் 20 சதவீத ஸ்லாபுக்குள்ளேயே விழுவதால், நிலுவையை 20.8 சதவீதத்தால் பெருக்கிப் பார்த்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

2024-25இல் புதிய முறைக்கு மாறினீர்கள். அந்த ஆண்டின் ஸ்லாப் இந்த ஆண்டைப் போல் இல்லை. மூன்று லட்சம் வரை வரி இல்லை, ஏழு வரை 5 சதவீதம், பத்து வரை 10, பன்னிரண்டு வரை 15. தள்ளுபடியும் ஏழு லட்சம் வரைக்குத்தான். வருமானம் 9,20,000க்கு 20,000 கூட்டல் 22,000, செஸ்ஸோடு 43,680. நிலுவை 1,30,000 சேர்ந்து 10,50,000 ஆனால் 20,000, 30,000, பத்து லட்சத்துக்கு மேல் 7,500, ஆக 57,500. செஸ்ஸோடு 59,800. வித்தியாசம் 16,120.

மூன்று வித்தியாசங்களையும் கூட்டினால் 63,960. இந்த ஆண்டின் வித்தியாசமான 1,02,960இலிருந்து அதைக் கழித்தால்:

```
1,02,960 - (22,880 + 24,960 + 16,120) = 39,000
```

நிவாரணம் 39,000. நீங்கள் இந்த ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி 63,960. நிலுவைக்கு வரியே இல்லாமல் போகாது. அன்றைக்கே வந்திருந்தால் என்ன கட்டியிருப்பீர்களோ அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவுதான் சட்டம் தருவது.

இந்தக் கணக்கில் ஆண்டைப் பொறுக்கி எடுக்கும் உரிமை நமக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆண்டில் வித்தியாசம் பெரிதாக வந்தால் அதை விட்டுவிட்டு மற்ற ஆண்டுகளை மட்டும் காட்ட முடியாது. பழைய முறையில் ஐந்து லட்சத்தை ஒட்டி வருமானம் இருந்தவர்களுக்கு இது வலிக்கும். 2022-23இல் ஒருவரின் வருமானம் 4,90,000 என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடியால் அன்று வரி பூஜ்யம். அந்த ஆண்டுக்கு 60,000 நிலுவை சேர்த்தால் வருமானம் 5,50,000 ஆகி, தள்ளுபடி போய், வரி செஸ்ஸோடு 23,400. அறுபதாயிரத்துக்கு 39 சதவீதம்! பழைய முறையில் எல்லையைக் கொஞ்சம் தாண்டியவருக்கு வரியைக் குறைக்கும் ஏற்பாடு இல்லாததால் இப்படி ஆகிறது. அந்த ஒரு ஆண்டே மற்ற ஆண்டுகளில் கிடைத்த நன்மையைத் தின்றுவிடும். பழைய ஆண்டுகளின் கூட்டல் இந்த ஆண்டின் வித்தியாசத்துக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தால் நிவாரணம் இல்லை. அதற்காகக் கூடுதல் வரியும் கேட்க மாட்டார்கள். நிவாரணம் கோரும் 10இ படிவத்தைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடலாம்.

அதேபோல, நிலுவை சேர்ந்த பிறகும் 2025-26 வருமானம் புதிய முறையில் 12 லட்சத்துக்குள் நிற்கிறதென்றால், சம்பளமும் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு இந்த வேலையே வேண்டாம். இரண்டு பக்கமும் வரி பூஜ்யம், குறைக்க ஒன்றும் இல்லை.

இனி தாக்கல். 10இ படிவத்தை வருமான வரித்துறையின் இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் ரிட்டர்னுக்கு முன்பாக. அலுவலகத்தில் தாளில் எழுதிக் கொடுத்த படிவம் டிடிஎஸ் குறைக்க உதவும், ஆனால் இணையதளத் தாக்கலுக்கு அது ஈடாகாது. படிவம் 16இல் அலுவலகமே நிவாரணத்தைக் காட்டியிருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். என் அனுபவத்தில் ஆசிரியர்களுக்கு நோட்டீஸ் வருவதற்கு இதுதான் முதல் காரணம்.

incometax.gov.in உள்ளே நுழைந்து e-File, Income Tax Forms, File Income Tax Forms என்று போய் Form 10E என்று தேடுங்கள். முதலிலேயே மதிப்பீட்டு ஆண்டு கேட்கும். நிலுவை எந்த ஆண்டுகளுக்கு உரியது என்பதல்ல, எந்த ஆண்டில் கைக்கு வந்தது என்பதே இங்கே கணக்கு. 2026 ஜனவரியில் வந்ததால் 2026-27. ஒரே ஒரு படிவம் போதும், ஒவ்வொரு பழைய ஆண்டுக்கும் ஒன்று வேண்டாம். பிறகு இணைப்புகளில் Annexure I என்பதைத் தேர்ந்தெடுங்கள், நிலுவைச் சம்பளத்துக்கு அதுதான். அதற்குள் Table A என்ற அட்டவணையில்தான் மேலே போட்ட பழைய ஆண்டுகளின் கணக்கு போகும். ஆண்டு, அப்போதைய வருமானம், அந்த ஆண்டுக்குரிய நிலுவை, இரண்டும் சேர்ந்த தொகை, நிலுவை இல்லாமலும் சேர்த்தும் வரி, வித்தியாசம். நிலுவைக் கட்டங்களின் கூட்டல் சரியாக 3,60,000 வருகிறதா என்று பாருங்கள். நிலுவை இல்லாத வரி உங்கள் பழைய ரிட்டர்னில் உள்ள வரியோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வருமானத்தையோ வரி முறையையோ தவறாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்து முடித்ததும் ஒப்புகை எண் வரும், பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். நிலுவைப் பட்டியலையும் ஆணை நகலையும் இணைக்க வேண்டியதில்லை, கேட்டால் காட்டக் கையில் இருக்கட்டும்.

அதன்பிறகு ரிட்டர்னில் 4,15,000 முழுவதையும் சேர்த்த மொத்தச் சம்பளத்தைக் காட்டுங்கள். நிலுவையைக் கழித்துவிட்டுக் காட்டுவது பெரிய தவறு. அலுவலகம் அனுப்பும் டிடிஎஸ் விவரத்தில் அது இருக்கும், உடனே மாட்டிக்கொள்ளும். வரிக் கணக்கு வரும் இடத்தில் "Relief u/s 89" என்ற கட்டத்தில் 39,000 எழுதுங்கள். அந்த எண் 10இ படிவத்தில் வந்த எண்ணாகவே இருக்க வேண்டும்.

அலுவலகத்தைப் பற்றி. சம்பளம் போடுபவர் டிடிஎஸ் கணக்கிடும்போதே இந்த நிவாரணத்தைக் கொடுக்க 192(2ஏ) பிரிவு இடம் தருகிறது. அரசு, உள்ளாட்சி, பல்கலைக்கழகம், கல்வி நிறுவனம், கம்பெனி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் இதில் அடங்கும். பிப்ரவரி பில் போடுவதற்கு முன் மேலே உள்ள கணக்கை 10இ படிவ வடிவில் எழுதிக் கொடுத்தால் 63,960 மட்டும் பிடிக்கச் சொல்லலாம். ஏற்கவில்லை என்றால் சண்டை போட வேண்டாம். முழுத் தொகையும் பிடித்தால் 39,000 ரூபாய் ரிட்டர்ன் போட்ட பிறகு ரீபண்டாக வரும். மாதக் கையிருப்பு கொஞ்சம் முடங்கும், பணம் போகாது.

ஓய்வூதியமும் சட்டத்தின் பார்வையில் சம்பளம்தான் என்பதால், ஓய்வூதிய நிலுவை வாங்கியவர்களுக்கும் இதே முறை பொருந்தும். குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் 89ஆம் பிரிவு இடம் தருகிறது. பணிக்கொடைக்கும் ஓய்வூதியத்தை ஒப்படைத்துப் பெற்ற மொத்தத் தொகைக்கும் வேறு இணைப்புகள், வேறு கணக்கு. அதை இதோடு குழப்ப வேண்டாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிறகு கைக்கு வரும் நிலுவைக்குப் பிரிவு எண் மாறும். ஜனவரியில் வாங்கிய உங்களுக்குப் பழைய சட்டம்தான்.

படிவம் தாக்கல் செய்யாமல் ரிட்டர்னை முதலில் போட்டுவிட்டால், 143(1) அறிவிப்பில் நிவாரணத்தை அடித்துவிட்டு, வட்டியோடு வரிப் பாக்கி கேட்பார்கள். அப்படி வந்தால் பயந்துபோய் உடனே பணம் கட்டிவிட வேண்டாம். அதே மதிப்பீட்டு ஆண்டுக்கு 10இ படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். திருத்திய ரிட்டர்னுக்கான காலம் இருந்தால் அதைப் போடுங்கள், முடிந்துவிட்டிருந்தால் 154ஆம் பிரிவின் கீழ்ப் பிழைதிருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். கேட்கப்பட்ட பாக்கிக்கு இணையதளத்திலேயே உடன்பாடில்லை என்று பதில் பதிந்து, 10இ படிவத்தின் ஒப்புகை எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.